சப்பாத்தி தீல ஏன் உப்ப மாட்டேங்குது? மாவா, தேய்க்கறதா, தீயா?

"மாவு நல்லா அழுத்தி பிசையறேன், எண்ணெய் கூட ஊத்தறேன். தவால ரெண்டு பக்கமும் நல்லா வேகவச்சுட்டு தான் தீல போடறேன், அப்பவும் உப்ப மாட்டேங்குது. சில நேரம் ஒரு ஓரம் மட்டும் எழும்பி புஸ்ஸுன்னு இறங்கிடுது, எடுத்து வச்சா அப்பளம் மாதிரி விறைச்சுக்குது. தப்பு மாவுலயா, தேய்க்கறதுலயா, தீயிலயா?"

நீங்க எழுதினதுல ஒரு வார்த்தை என் கண்ல பட்டுச்சு, "நல்லா வேகவச்சுட்டு". பாதி பதில் அதுலயே இருக்கு. நான் ஒரு கேன்டீன்ல சப்பாத்தி கல் முன்னாடி பல வருஷம் நின்னவ, இப்போ வீட்லயே சமையல் சொல்லித் தரேன். உப்பலன்னு வர்ற எல்லாரும் முதல்ல மாவைத்தான் திட்டுவாங்க, மாவை மாத்துவாங்க, தண்ணிய மாத்துவாங்க, பால் ஊத்துவாங்க. ஆனா நான் பக்கத்துல நின்னு பாத்தா முக்கால்வாசி பேருக்கு தப்பு தவால இருக்கும், அதுக்கப்புறம் தேய்க்கறதுல, மாவு கடைசிலதான் வரும். அதனால நானும் மாவுல ஆரம்பிக்காம, தவா, தேய்க்கறது, மாவுங்கற வரிசைல சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சப்பாத்தி உப்பறதுங்கறது உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி மேல் தோலையும் கீழ் தோலையும் பிரிச்சு தள்றது, அவ்ளோதான், வேற மாயம் ஒண்ணும் இல்ல. ஒரு கிராம் தண்ணி ஆவியானா கிட்டத்தட்ட 1.7 லிட்டர் இடத்தை அடைச்சுக்கும். 35 கிராம் உருண்டைல தேய்ச்ச சப்பாத்தி முழுசா உப்பினா உள்ள அரை லிட்டர், மிஞ்சிப்போனா முக்கால் லிட்டர் காலி இடம் இருக்கும், அப்போ அதுக்கு அரை கிராம் தண்ணியே தாராளம். அந்த உருண்டைல நாம ஊத்தின தண்ணி மட்டுமே 13 கிராம் பக்கம் இருக்கும். கணக்கு புரியுதா? ஆவி பத்தலைன்னு ஒரு சப்பாத்தியும் உப்பாம போறது இல்ல. ஒண்ணு ஆவி மெதுவா வருது, வர வர வெளிய போயிடுது. இல்ல பிடிச்சு வச்சுக்க வேண்டிய தோல் கிழிஞ்சிருக்கு, விறைச்சிருக்கு. இல்லன்னா பிரியறதுக்கு உள்ள ரெண்டு அடுக்கே மிச்சம் இல்ல. இந்த மூணுல எதுன்னு கண்டுபிடிச்சா போதும்.

மூணாவது சொன்னேன்ல, அதுதான் உங்க கேஸ்னு நினைக்கறேன். தவால போட்டதும் கல்லைத் தொட்ட பக்கம் ஒரு மெல்லிசான தோல் கட்டும். திருப்பிப் போட்டா அந்தப் பக்கமும் ஒரு தோல் கட்டும். நடுவுல இருக்கற மாவு இன்னும் பச்சையா, ஈரமா, இளக்கமா இருக்கணும், அந்த இளகின இடத்துலதான் ஆவி புகுந்து ரெண்டா பிரிக்கும். கோதுமை மாவுல இருக்கற ஸ்டார்ச் 60 டிகிரி தாண்டினாலே தண்ணிய குடிச்சு ஊதி இறுக ஆரம்பிச்சிடும். நீங்க தவாலயே ரெண்டு பக்கமும் நல்லா வேகவச்சா, நடுவும் சேர்ந்து வெந்து மேல இருந்து கீழ வரை ஒரே துண்டா ஆகிடும். அப்புறம் எவ்ளோ பெரிய தீல காட்டினாலும் பிரியறதுக்கு ஒண்ணும் இல்ல, இருக்கற ஈரமும் போய் விறைக்க மட்டும்தான் செய்யும். நீங்க சொன்ன அப்பளம் அதுதான். தவாவோட வேலை தோல் கட்டறது, வேகவைக்கற வேலைல பாதிய உள்ள சிக்கின ஆவியே பாத்துக்கும்.

எங்க சித்தி பொண்ணு ஒருத்தி இதே புலம்பலோட வந்தா. அவ கையாலேயே செய்யச் சொல்லி நான் சும்மா நின்னு பாத்தேன். 200 கிராம் மாவுக்கு 100 மில்லி தண்ணி, பிசைஞ்ச உடனே உருட்டிட்டா. அடுப்பு மீடியத்துக்கும் கீழ, தவா இன்னும் சரியா சூடேறல, முதல் பக்கம் ஒரு நிமிஷம், அடுத்த பக்கம் ஒரு நிமிஷம், நடுநடுவுல தோசைத் திருப்பியால அழுத்தல் வேற. தீல போட்டா ஒரு குமிழ் கூட இல்ல. நான் மாவைத் தொடவே இல்ல, அதே மாவுல அடுத்த உருண்டைய எடுத்து தவாவை மட்டும் நல்லா காயவிட்டு, முதல் பக்கம் 15 செகண்ட், ரெண்டாவது பக்கம் 35 செகண்ட், அப்புறம் தீ. பாதி உப்பிடுச்சு! நடுவுல எழும்பிச்சு, ஓரம் அப்படியே தடியா படுத்துக்கிச்சு. மூணாவது உருண்டைய ஓரம் நடு எல்லாம் ஒரே கனமா தேய்ச்சு போட்டோம், முக்கால்வாசி எழும்பினது, திடீர்னு மேல ஒரு கோடு மாதிரி வெடிச்சு அங்க இருந்து ஆவி சீறிட்டு இறங்கிடுச்சு. அது மாவு கெட்டியா இருந்ததோட வேலை, தோல் இழுத்துக் கொடுக்காம விரிசல் விட்டுடுச்சு. அப்புறம்தான் 200 கிராமுக்கு 130 மில்லி ஊத்தி புதுசா பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி வச்சோம், அதுல போட்டதெல்லாம் பந்து மாதிரி வந்துச்சு. கடைசியா ஒரு வேலை செஞ்சேன், அந்த நல்ல மாவுல ஒண்ணை அவ பழைய ஸ்டைல்லயே, ஆறின தவா, நிமிஷக் கணக்கு, அழுத்தல்னு போடச் சொன்னேன். தட்டை. ஒரு உப்பல் இல்ல. மாவு எவ்ளோ நல்லா இருந்தாலும் தவால கெடுத்துட்டா காப்பாத்த முடியாதுன்னு அவளுக்கு அப்போதான் உறைச்சுது.

சரி, தவா காஞ்சுடுச்சான்னு எப்படி தெரியும்னு கேப்பீங்க. ஒரு சிட்டிகை உலர்ந்த மாவை தவா நடுவுல தூவிப் பாருங்க. அஞ்சாறு செகண்ட்ல லேசா பழுப்பானா சரியான சூடு. வெள்ளையாவே உட்காந்திருந்தா இன்னும் காயணும், போட்ட கணத்துல கருகி புகைஞ்சா அதிகம், கொஞ்சம் குறைச்சுட்டு அந்த மாவைத் துடைச்சுடுங்க. சப்பாத்திய போட்டதும் மேல் பக்கத்தைப் பாத்துட்டே இருங்க, பச்சை மாவோட பளபளப்பு மாறி மங்கலாகும், அங்கங்க பட்டாணி சைஸ்ல குமிழ் தலைகாட்டும், அப்பவே திருப்பிடணும். முதல் பக்கத்துல பழுப்புப் புள்ளி வரணும்னு காத்திருக்காதீங்க, நிறைய பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான். ரெண்டாவது பக்கம் கொஞ்சம் அதிக நேரம் இருக்கலாம், சின்னச் சின்ன பழுப்புப் புள்ளி பரவலா வர்ற வரைக்கும். அதுக்கப்புறம் இடுக்கியால எடுத்து, முதல்ல தவாவைத் தொட்ட பக்கம், அதாவது கம்மியா வெந்த பக்கம், தீய பாக்கற மாதிரி போடுங்க. அந்தப் பக்கத் தோல்தான் இன்னும் இளசு, இழுத்துக் கொடுக்கும், அது கீழ ஈரமும் மிச்சம் இருக்கும். செகண்ட் கணக்கு சொன்னேன்னு கடிகாரத்தைப் பாத்துட்டு நிக்காதீங்க, உங்க தவா இரும்பா, நான்ஸ்டிக்கா, எவ்ளோ கனம்னு இங்க இருந்து எனக்குத் தெரியாது, குமிழும் நிறமும்தான் உங்களுக்கு கடிகாரம்.

இப்போ அந்த ஒரு ஓரம் மட்டும் எழும்பி புஸ்ஸுன்னு இறங்கற விஷயம். அது ஒரு வகைல நல்ல செய்தி, ஆவி உருவாகுது, அடுக்கு பிரியுது, எங்கயோ ஓட்டை இருக்கு. அடுத்த தடவை இறங்கும்போது கூர்ந்து பாருங்க, ஆவி எங்க இருந்து சீறுதோ அந்த இடத்துல கண்டிப்பா ஏதாவது இருக்கும், ஒரு மடிப்பு, ஒரு காஞ்ச மாவுக் கோடு, இடுக்கி முனை குத்தின தடம், இல்ல அந்த இடம் மட்டும் காகிதம் மாதிரி மெலிசா போயிருக்கும். கையை மட்டும் தூரமா வச்சுக்கோங்க, அந்த ஆவி சுட்டா கொப்புளம் கட்டிடும்.

அந்த ஓட்டை பெரும்பாலும் உருட்டும்போதே பிறந்துடுது. உருண்டைய உள்ளங்கைல அழுத்தி உருட்டி, வெடிப்பு இல்லாம வழவழன்னு இருக்கணும், அடில மடிப்பு சேர்ற இடம் இருந்தா அதைக் கிள்ளி மூடிடுங்க. வெடிப்போட உருண்டைய தேய்ச்சா அந்த வெடிப்பும் கூடவே பெருசாகி ஓரத்துல பல்லு பல்லா வரும், ஆவிக்கு அதுதான் வாசல். அடுத்தது தொட்டுக்கற மாவு. உருண்டைய ஒரு தடவை புரட்டி எடுத்து உதறிடுங்க, நடுவுல ஒட்டினா இன்னொரு தடவை லேசா, அதுக்கு மேல வேண்டாம். அள்ளி அள்ளி தூவினா அந்த காஞ்ச மாவு தோல்ல பதிஞ்சு ஈரத்தை உறிஞ்சும், அந்த இடம் இழுத்துக் கொடுக்காது, தவால கருகி அடுத்த சப்பாத்திக்கும் கரும்புள்ளி வைக்கும். ரொம்ப தூவாம தேய்க்கவே முடியலன்னா மாவு தளர்வா இருக்குன்னு அர்த்தம், அதை மாவுல சரி பண்ணுங்க, தூவி சமாளிக்காதீங்க.

தேய்க்கறதுல எனக்கு பிடிச்ச ஒரு பழக்கம், கட்டைய நடுவுல வச்சு அழுத்தாம ஓரத்துக்கு உள்பக்கமா வச்சு சுத்தி சுத்தி தேய்க்கறது, நடு தானா மெலிஞ்சுக்கும். பழகாத கை எப்பவும் நடுவைத்தான் மெலிசாக்கும், ஓரம் தடியாவே நிக்கும். தீல போட்டா நடு சட்டுன்னு உப்பி கிழியும், இல்ல நடு உப்பி ஓரம் பச்சையா ஒட்டிட்டு நிக்கும். 35 கிராம் உருண்டைய 15, 16 சென்டிமீட்டர் அகலத்துக்கு தேய்ச்சா கனம் ஒன்றரை மில்லிமீட்டர் பக்கத்துல வரும், புல்காவுக்கு அது போதும். அதை விட ரொம்ப மெலிசாக்கினா ரெண்டு தோலும் நடுவுல இருக்கற ஈரமும் இருக்க இடம் ஏது, தவாலயே காஞ்சுடும். வட்டமா வரணும்னு கவலைப்படாதீங்க, கோணல்மாணலா தேய்ச்சது கூட கனம் ஒரே மாதிரி இருந்தா ஜோரா உப்பும், நான் பாத்திருக்கேன். ஆனா கனம் பாக்க வெறும் கண் பத்தாது. தேய்ச்சதை கைல எடுத்து வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு பாருங்க, மெலிஞ்ச இடம் பளிச்சுன்னு தெரியும். இன்னொண்ணு, ஆறு ஏழு தேய்ச்சு அடுக்கி வச்சுட்டு அப்புறமா சுடற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. காத்து பட்டு மேல் தோல் காஞ்சுடும், காஞ்ச தோல் தவால விரிசல் விடும். ஒண்ணு தவால இருக்கும்போது அடுத்ததை தேய்க்கறதுதான் சரி, கை வேகம் வர்ற வரைக்கும் தேய்ச்சதை ஈரத்துணியால மூடி வைங்க.

மாவுக்கு வருவோம். முழு கோதுமை மாவுல தவிடு இருக்கு, தவிடு தண்ணிய மெதுவாத்தான் குடிக்கும். பிசைஞ்ச உடனே தொட்டா பிசுபிசுன்னு இருக்கற மாவு அரை மணி நேரத்துல கெட்டியாகறது அதனாலதான். பிசைஞ்ச உடனே சரியான பதமா தோணற மாவு, தேய்க்கற நேரத்துக்கு கெட்டியாகி இருக்கும்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம். அதனால 200 கிராம் மாவுக்கு 130 மில்லில ஆரம்பிங்க, முதல்ல 110 ஊத்தி சேர்த்துட்டு மிச்சத்தை கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு பிசைங்க, கைல லேசா ஒட்டற மாதிரி நிறுத்திடுங்க. ஏழெட்டு நிமிஷம் பிசைஞ்சு மூடி வச்சு 20, 30 நிமிஷம் கழிச்சு எடுத்தா ஒட்டல் போயிருக்கும், விரலால அழுத்தினா குழி மெதுவா பாதி எழும்பும், அதுதான் பதம். இந்த 130 ஒரு ஆரம்பப் புள்ளிதான், ஒவ்வொரு மாவும் ஒவ்வொரு அளவு குடிக்கும், 140 கேக்கற மாவும் இருக்கு, 120ல நிக்கற மாவும் இருக்கு. ஓய்வு கொடுக்கறதுல இன்னொரு லாபம், பிசைஞ்சதுல முறுக்கிக்கிட்ட குளூட்டன் தளரும், இல்லன்னா நீங்க தேய்க்க தேய்க்க அது ரப்பர் மாதிரி சுருங்கிட்டு வரும், கோபத்துல நடுவுல போட்டு அழுத்துவீங்க, அங்க மெலிஞ்சு போகும். ஃப்ரிட்ஜ்ல வச்ச மாவுன்னா எடுத்து கொஞ்ச நேரம் வெளிய வச்சு குளிர் போனப்புறம் தேய்ங்க. பல தானியம் கலந்த மாவுன்னா எதிர்பார்ப்பையே குறைச்சுக்கணும், கோதுமை குறைய குறைய குளூட்டன் குறையும், தோலுக்கு ஆவியப் பிடிச்சு வைக்கற சக்தியும் குறையும். அதுல உப்பலன்னா உங்க கையைக் குறை சொல்லிக்காதீங்க.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் நான் உறுதியா சொல்வேன். இனி சொல்றதுல உறுதி கம்மி, ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. எண்ணெய் ஊத்தினா உப்பும்னு ஒரு நம்பிக்கை. எண்ணெய் சப்பாத்திய கொஞ்ச நேரம் காயாம, மிருதுவா வச்சுக்கும், அது உண்மை. உப்பறதுக்கும் அதுக்கும் பெருசா சம்பந்தம் இருக்கறதா நான் பாக்கல, ஒரு சொட்டு கூட இல்லாம பிசைஞ்ச மாவு பந்து மாதிரி உப்பறதை தினமும் பாக்கறேன். ரொம்ப ஊத்தினா குளூட்டன் சேரறதைத் தடுக்கும், அதனால 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் தாண்ட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணில பிசைஞ்சா மாவு சீக்கிரம் இளகுது, பிசையறவங்களுக்கு சுகம், ஆனா பச்சைத் தண்ணில பிசைஞ்சு அரை மணி வச்சதுக்கும் அதுக்கும் தீல எனக்கு வித்தியாசம் தெரியல. பால், தயிர் எல்லாம் ருசிக்கும் மிருதுவுக்கும் சேர்க்கறது, சீக்கிரம் நிறம் மாறிடும், புதுசா பழகறவங்க அந்த நிறத்தைப் பாத்து குழம்பிடுவாங்க. சோடா உப்பு வேண்டவே வேண்டாம், அது மாவு முழுக்க குட்டி குட்டி குமிழ் போடும், நமக்கு வேண்டியது ஒரே ஒரு பெரிய குமிழ்.

தீ பத்தி கொஞ்சம்தான் சொல்ல இருக்கு. பர்னர் ஹைல இருக்கணும். சிம்ல காட்டினா ஆவி மெதுவா வந்து தோல் வழியா கசிஞ்சுட்டே இருக்கும், சப்பாத்தி காயும், எழும்பாது. பர்னர் மேல வைக்கற கம்பி வலை, அதான் ஜாலி, அது மேல போட்டா இடுக்கியால அடிக்கடி தொட வேண்டி இருக்காது, அதுதான் அதோட பெரிய உபகாரம். எல்லாம் சரியா இருந்தா அஞ்சு செகண்ட்ல எழும்பிடும், பத்துக்கு மேல போனா அது எழும்பப் போறது இல்ல, கருகறதுக்குள்ள எடுத்துடுங்க. எழும்பினதும் ஒரே ஒரு திருப்பு, ரெண்டு செகண்ட், முடிஞ்சது. இண்டக்‌ஷன் அடுப்புன்னா தீ இல்லையேன்னு விட வேண்டாம், ரெண்டாவது பக்கம் புள்ளி வந்ததும் தவாலயே திருப்பிப் போட்டு, மடிச்ச துணியால ஓரத்துல மெதுவா ஒத்தி ஒத்தி சுத்தி வாங்க, ஒரு இடத்துல எழும்பின ஆவி துணி தள்ளத் தள்ள எழும்பாத பக்கம் ஓடி அதையும் பிரிச்சுடும். சித்தி பொண்ணு பண்ணின மாதிரி முதல்லேயே திருப்பியால அமுக்கறது வேற, இது வேற. அங்க அமுக்கினா அடுக்கு ஒட்டிக்கும், இங்க ஏற்கனவே பிரிஞ்சதை நகர்த்தறோம்.

நீங்க நாளைக்கு செய்யும்போது எல்லாத்தையும் ஒண்ணா மாத்தாதீங்க, எது சரி பண்ணுச்சுன்னே தெரியாம போயிடும். உங்க வழக்கமான மாவையே எடுங்க, தவாவை மாவு தூவி பாத்து காய வைங்க, முதல் பக்கத்தை சீக்கிரம் திருப்புங்க, அதுலயே பாதிக்கு மேல உப்பும்னு நினைக்கறேன். அப்பவும் ஒரே ஓரத்துல இறங்கினா தேய்க்கறதைப் பாருங்க, கோடு கோடா வெடிச்சா தண்ணிய கூட்டுங்க. முதல் நாலஞ்சு நல்லா உப்பி கடைசில வர்றது மட்டும் உப்பலன்னா பயந்துடாதீங்க, தவால கருகின மாவு சேர்ந்திருக்கும், இல்ல மிச்ச உருண்டைங்க திறந்தே கிடந்து தோல் காஞ்சிருக்கும். தவாவை ஒரு தடவை துணியால துடைச்சுட்டு, உருண்டைய கைல லேசா தண்ணி தொட்டு மறுபடி உருட்டி அஞ்சு நிமிஷம் மூடி வச்சு தேய்ங்க, அதுவும் எழும்பும்.